கரகரத்த குரல் சொல்வது என்ன? பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேர் பிளான்

"திருமதி எக்ஸ், வயது 32, எடை 50 கிலோ. காலை 7 மணிக்குச் சமையலறையில் தீப்பிடித்துக் காயமடைந்து, 9 மணிக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முகம், நெஞ்சு, வயிறு, வலது கை முழுவதும், இடது கையின் முன்பக்கம் ஆகிய இடங்களில் தீக்காயம். கழுத்தில் சிவந்திருக்கிறது, கொப்புளம் இல்லை. குரல் கரகரக்கிறது, மூக்கு மயிர் கருகியிருக்கிறது, சளியில் கரி. நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 96/60, மூச்சு நிமிடத்துக்கு 28, விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 98 சதவீதம். ஒரு மணி நேரத்தில் வந்த சிறுநீர் 15 மி.லி. 'ரொம்ப வலிக்குது சிஸ்டர், தாகமா இருக்கு, பிள்ளைங்க எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் 24 மணி நேரத்துக்கான கேர் பிளான் எழுதுக."

நர்சிங் மாணவிகளின் பழைய வினாத்தாள்களில் வரும் நோயாளிக் கேள்விகளின் அச்சில் நான் அமைத்துக்கொண்ட கேள்வி இது. உண்மைத் தேர்வில் இத்தனை விவரம் கிடைக்காது. பெரும்பாலும் "40 சதவீதத் தீக்காயத்துடன் சேர்க்கப்பட்ட 32 வயதுப் பெண்" என்ற ஒற்றை வரி, அதன் கீழே அ, ஆ, இ என மூன்று பிரிவுகள். முதல் இரண்டும் நோயின் விளக்கத்தையும் வகைகளையும் கேட்கும். அவற்றைப் பாடப் புத்தகம் படித்த எவரும் எழுதிவிடலாம். மாணவி எதைக் கற்றிருக்கிறாள் என்பதைக் காட்டிக்கொடுப்பது மூன்றாவது பிரிவான கேர் பிளான்தான்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். மருத்துவர் நோயைக் கண்டறிந்து சிகிச்சையைத் தீர்மானிக்கிறார். அந்த நோயால் இந்த மனிதருக்கு இந்த நேரத்தில் என்ன தொல்லை, அதற்குச் செவிலியர் செய்ய வேண்டியது என்ன, செய்ததற்குப் பலன் இருந்ததா என்று எழுத்தில் கட்டுவது கேர் பிளான். கட்டம் போட்டு எழுதுவார்கள். நோயாளி சொன்னதும் செவிலியர் பார்த்து அளந்ததும் முதல் கட்டம். அதிலிருந்து பிறக்கும் நர்சிங் டயக்னோசிஸ் அடுத்தது. பிறகு இலக்கு, செய்ய வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் காரணம், கடைசியில் பலன். இந்த டயக்னோசிஸ்களுக்குப் பொதுவான பெயர்கள் வேண்டும் என்று 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மாநாடு கூடியது. அந்த முயற்சியிலிருந்து 1982-ல் உருவான அமைப்புதான் நாண்டா. நம் ஊர் மாணவிகள் இன்றைக்கும் அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

சிக்கலும் அந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறது. தேர்வு நெருங்கும்போது பழைய வினாத்தாள்களைச் சேர்த்து, எந்த நோய் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, நோய்க்கு ஒன்றாக ஐந்து டயக்னோசிஸ்களை மனப்பாடம் செய்வது வழக்கமாகிவிட்டது. தீக்காயமா? வலி, திரவக் குறைவு, தொற்று அபாயம், சத்துக் குறைவு, பதற்றம். இதய நோயா? அந்த ஐந்தில் இரண்டை மாற்றினால் போதும். இப்படி எழுதப்பட்ட விடைத்தாளில் திருமதி எக்ஸுக்குப் பதிலாக இன்னொருவரை வைத்தாலும் ஒரு சொல்கூட மாறாது. பழைய கேள்விகளைப் பயன்படுத்துவதில் ஆகப் பெரிய வீணடிப்பு இது என்பது என் உறுதியான கருத்து.

கேள்விக்குத் திரும்புவோம். முதல் வேலை, ஒவ்வொரு விவரத்தின் கீழும் பென்சிலால் கோடிட்டு, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்பது. இந்தக் கேள்வியில் சத்தமாகப் பேசுவது வலி. நோயாளியே வாய்விட்டுச் சொல்கிறார். அதனால் பல மாணவிகள் வலியை முதலிடத்தில் எழுதுவார்கள். ஆனால் உயிருக்கு அருகில் நிற்பது கரகரத்த குரல். மூடிய அறையில் சூடான புகையை இழுத்தவருக்குத் தொண்டையும் குரல்வளையும் உள்ளே வெந்திருக்கும். அந்த இடம் உடனே அடைபடாது, மணிக்கணக்கில் மெல்ல வீங்கும். ஒன்பது மணிக்குப் பேசிக்கொண்டிருப்பவர் மதியத்துக்குள் மூச்சுக்குத் திணறலாம். வீக்கம் முற்றிய பிறகு தொண்டையில் குழாய் செலுத்துவது மயக்க மருத்துவருக்கே கடினம். கருகிய மூக்கு மயிர், கரி கலந்த சளி, கரகரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து நிற்கும்போது மூச்சுப்பாதைதான் முதல் டயக்னோசிஸ்.

"ஆக்சிஜன் 98 சதவீதம் இருக்கிறதே" என்று ஒரு மாணவி கேட்கலாம். அந்த எண்தான் இந்தக் கேள்வியின் பொறி. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடலுக்கு ஆக்சிஜன் போதாமல் இருக்கும்போதும் அது 98 என்று காட்டலாம். அதனால் எண் நன்றாக இருந்தாலும் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். உண்மை நிலையை அறிய மருத்துவர் தமனி ரத்தப் பரிசோதனை கேட்பார்.

இனி டயக்னோசிஸை எழுதும் முறை. "தீக்காயம்" என்று எழுதினால் அது மருத்துவரின் டயக்னோசிஸ். செவிலியருடையதில் மூன்று பகுதிகள் வேண்டும்: தொல்லை என்ன, அது எதனால், அதற்குச் சான்று என்ன. இங்கே அது "சூட்டுப் புகையால் தொண்டை வீங்குவதாலும் கரி படிந்ததாலும் மூச்சுப்பாதை தடைபடுதல், சான்று, கரகரத்த குரல், கரி கலந்த சளி, நிமிடத்துக்கு 28 மூச்சு" என்று வரும். சான்றுப் பகுதியில் இருக்கும் ஒவ்வொன்றும் கேள்வியிலிருந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள். கேள்வியில் சான்று இல்லாத ஒன்றை "இருக்கிறது" என்று எழுதக்கூடாது. தொற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண்ணுக்கு இன்னும் தொற்று வரவில்லை, தோல் என்ற அரண் போனதால் வரக்கூடும். ஆகவே அது "அபாயம்" என்ற வகையில் அடங்கும், அதற்குச் சான்று எழுத வேண்டியதில்லை. தொற்று அபாயம் என்று தலைப்பிட்டுவிட்டு அடியில் "சான்று: காய்ச்சல்" என்று எழுதும் விடைத்தாள்கள் உண்டு. காய்ச்சல் என்பது கேள்வியிலேயே இல்லை, வேறெங்கோ மனப்பாடம் செய்ததிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

மூச்சுப்பாதைக்கான வேலைகள் சுருக்கமானவை. தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, மறுசுவாசம் இல்லாத மாஸ்க் வழியாக ஈரப்பதமூட்டிய முழு ஆக்சிஜன், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரைப் பேச வைத்துக் குரலைக் கேட்பது, குழாய் செலுத்தும் தட்டைப் படுக்கை அருகிலேயே தயாராக வைப்பது, கரகரப்பைக் கண்டதுமே மருத்துவருக்குச் சொல்வது. தண்ணீர் கேட்கிறாரே, கொடுக்கலாமா? இந்த அளவு தீக்காயத்தில் குடல் இயக்கம் மந்தமாகிவிடும். வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும். எனவே மருத்துவர் அனுமதிக்கும் வரை வாயால் எதுவும் கிடையாது. உதட்டை நனைத்துவிடலாம். அந்தத் தாகத்தை வெறும் புலம்பலாக ஒதுக்கிவிடவும் கூடாது. அடுத்த டயக்னோசிஸின் முதல் சான்றே அதுதான்.

தீ பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுத் திசுக்களுக்குள் இறங்குகிறது. உடல் வீங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ரத்தம் குறைந்துகொண்டிருக்கும். வேகமான நாடி, தாழ்ந்த அழுத்தம், 15 மி.லி. சிறுநீர், தாகம் ஆகிய நான்கும் இதைத்தான் சொல்கின்றன. எவ்வளவு திரவம் தேவை என்பதைக் கணக்கிட முதலில் காயத்தின் பரப்பு தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு 'ஒன்பதின் விதி' என்ற எளிய வழி உண்டு. தலை 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, மர்மப் பகுதி 1. நம் நோயாளிக்கு முகம் நாலரை, நெஞ்சும் வயிறும் சேர்ந்து 18, வலது கை 9, இடது கையின் முன்பக்கம் நாலரை. மொத்தம் 36. கழுத்து கணக்கில் வராது. தோல் சிவந்து மட்டும் இருக்கும் முதல் நிலைக் காயத்தைப் பரப்பில் சேர்ப்பதில்லை. கேள்வி அதை வேண்டுமென்றே சொல்லியிருக்கிறது.

1960களில் டல்லஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் வகுத்த கணக்கைத்தான் மாணவிகள் படிக்கிறார்கள். எடை ஒரு கிலோவுக்கு, காயம் ஒரு சதவீதத்துக்கு 4 மி.லி. ரிங்கர் லாக்டேட். இங்கே 4 × 50 × 36 = 7200 மி.லி. அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் செலுத்த வேண்டும். இந்த 8 மணி நேரம் தீப்பிடித்த நொடியிலிருந்து தொடங்குகிறது. 7 மணிக்குத் தீ, எனவே முதல் பாதியான 3600 மி.லி. பிற்பகல் 3 மணிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். நோயாளி வந்ததே 9 மணிக்கு. மிச்சம் 6 மணி நேரம்தான், ஆக மணிக்கு 600 மி.லி. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணும் மாணவி மணிக்கு 450 என்று எழுதுவாள். அவள் கணக்கில் 3 மணிக்குள் 2700 மி.லி.தான் போயிருக்கும், 900 மி.லி. குறைவு. தேர்வில் இதனால் போவது இரண்டொரு மதிப்பெண். வார்டில் போவது சிறுநீரகம்.

மணிக்கு 600 என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அது கணக்குப் பாடம். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் இது நிமிடத்துக்கு 200 சொட்டு. கண்ணால் பார்த்து எண்ண முடியாத வேகம். அதனால் தடித்த இரண்டு ஊசிகளை இரண்டு இடங்களில் போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரிக்க வேண்டும், அல்லது இன்ஃப்யூஷன் பம்பு வைக்க வேண்டும். வழியில் ஆம்புலன்ஸில் ஏற்கெனவே ஏறிய திரவம் இருந்தால் கழிக்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் விடைத்தாளில் இருந்தால், திருத்துகிறவருக்கு இவள் வார்டைப் பார்த்தவள் என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். திரவத்தின் அளவை ஆணையிடுவது மருத்துவர். சரிபார்த்து, செலுத்தி, கண்காணித்து, மாற்றம் தேவை என்றால் குரல் கொடுப்பது செவிலியர். அந்த 4 மி.லி.யும் கல்லில் பொறித்ததல்ல. அளவுக்கு மீறிய திரவம் நுரையீரலையும் திசுக்களையும் வீங்க வைப்பதைக் கண்ட பிறகு, அமெரிக்க அவசர சிகிச்சைப் பயிற்சிகள் இப்போது பெரியவர்களுக்கு 2 மி.லி.யிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. எந்த எண்ணில் தொடங்கினாலும் வழி காட்டுவது சிறுநீர்ப் பைதான். பெரியவர்களுக்கு ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.யாவது வர வேண்டும். இவருக்கு அது 25.

இலக்கு எழுதும்போது இந்த எண் கைகொடுக்கும். "நோயாளியின் திரவ நிலை சீராகும்" என்பது இலக்கல்ல, ஆசை. எப்போது சீராகும், சீரானதை எப்படி அறிவது? "அடுத்த 2 மணி நேரத்துக்குள் சிறுநீர் மணிக்கு 25 மி.லி.க்குக் குறையாமல் வரும், நாடி 120-க்குக் கீழே இறங்கும்" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பலன் என்ற கடைசிக் கட்டமும் தானே அமைந்துவிடும். கற்பனை நோயாளிக்கு என்ன பலன் எழுதுவது என்று தெரியாமல் எல்லாக் கட்டத்திலும் "வலி குறைந்தது, நிலை முன்னேறியது" என்று எழுதுவது மாணவிகளிடம் ஊறிப்போன பழக்கம். அதற்குப் பதில் இரண்டு கிளையாக எழுதலாம். சிறுநீர் 25-ஐத் தொட்டால் இலக்கு எட்டப்பட்டது, இதே வேகம் தொடரும். 15-லேயே நின்றால் எட்டப்படவில்லை, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவருக்குத் தெரிவித்து வேகத்தைக் கூட்டக் கேட்க வேண்டும். 80 மி.லி. வந்தாலும் சொல்ல வேண்டும், அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக வலி. வரிசையில் பின்னால் வந்தாலும் காக்க வைக்கக் கூடியதல்ல. முதல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையும் தொட்டுவிட வேண்டும். மருந்தை ஏன் ரத்தக்குழாய் வழியாகவே கொடுக்க வேண்டும் என்ற காரணத்தை எழுதுபவர் குறைவு. அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது தசைக்கு ரத்தம் சரியாகப் போகாது. தசையில் போட்ட மார்ஃபின் அங்கேயே தேங்கி வலியைக் குறைக்காது. "குறையவில்லையே" என்று மறுபடி போடுவார்கள். திரவம் ஏறி ரத்த ஓட்டம் திரும்பியதும் தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கி மூச்சை அடக்கிவிடும். இன்னொன்று, மிக ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனைகளே அழிந்திருப்பதால் அங்கே வலி குறைவாக இருக்கும். வலிக்கவில்லை என்று நோயாளி சொல்லும் இடம் லேசான காயம் என்று நினைத்துவிடக் கூடாது.

புத்தகப் பட்டியலில் தென்படாத ஒரு வரியை நம் ஊர் விடைத்தாளில் பார்க்க எனக்கு ஆசை. வலது கையின் வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவை கையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நெஞ்சிலும் முகத்திலும் காயம் என்பதால் கழுத்தில் இருப்பதையும் எடுக்க வேண்டியிருக்கும். தாலியைக் கழற்றச் சொன்னால் அந்தப் பெண் எப்படித் துடிப்பார் என்பது நமக்குத் தெரியும். ஏன் கழற்ற வேண்டும் என்று அவரிடமே சொல்லி, வீட்டாரை அருகில் வைத்துக்கொண்டு கழற்றி, அவர்கள் கையில் ஒப்படைத்துப் பதிவேட்டில் எழுதி வாங்குவது கேர் பிளானில் சேர வேண்டிய வேலை. பதற்றம் என்ற டயக்னோசிஸுக்கும் இதே பார்வைதான் தேவை. "மனோதைரியம் அளிக்கவும்" என்று எழுதுவதால் யாருக்கும் தைரியம் வராது. அவர் கேட்டது பிள்ளைகளைப் பற்றி. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உறவினரிடம் விசாரித்து வந்து அவரிடம் சொல்வதுதான் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது.

நேரம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று மணி நேரம், 75 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 15 மதிப்பெண் கேள்வியில் பாதி கேர் பிளானுக்கு என்று வைத்தாலும் பதினெட்டு நிமிடம்தான். ஏழு டயக்னோசிஸைத் தொட்டு விடுவதைவிட மூன்றை முழுதாகக் கட்டி, மீதியை முன்னுரிமை வரிசையில் ஒற்றை வரியாக எழுதுவது நல்லது. கேள்வியில் எடையோ நேரமோ இல்லாவிட்டால், "எடை 50 கிலோ எனக் கொள்ளப்படுகிறது" என்று வெளிப்படையாக எழுதிவிட்டுக் கணக்கைத் தொடரலாம். பாடத்தின் பெயரும் மாறியிருக்கிறது. புதிய செமஸ்டர் பாடத்திட்டத்தில் 'அடல்ட் ஹெல்த் நர்சிங்' என்று படிப்பவர்கள், பழைய தாள்களை 'மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்' என்ற தலைப்பில் தேட வேண்டும்.

பழைய கேள்வியை எப்படிப் பழக வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த வழி, ஒரே கேள்வியில் ஒரே ஒரு வரியை மாற்றுவது. திருமதி எக்ஸுக்குக் குரல் தெளிவாக இருக்கிறது, தீ திறந்த வெளியில் பிடித்தது என்று மாற்றுங்கள். மூச்சுப்பாதை முதலிடத்திலிருந்து இறங்கிக் கண்காணிப்பாக மாறும், திரவக் குறைவு மேலே வரும். காயம் நெருப்பால் அல்ல, மின்சாரத்தால் என்று மாற்றுங்கள். தோலில் தெரியும் பரப்பு உள்ளே நடந்த சேதத்தைக் காட்டாது. சிதைந்த தசையிலிருந்து வரும் நிறமி சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்பதால் சிறுநீர் இலக்கு 25-லிருந்து ஏறக்குறைய இரு மடங்குக்கும் மேலே போகும். இதயத் துடிப்பை மானிட்டரில் பார்ப்பது புதிதாகச் சேரும். முதல் நாள் என்பதை மூன்றாம் நாள் என்று மாற்றினால் படமே தலைகீழாகும். கசிந்து போன திரவம் குழாய்களுக்குள் திரும்பி வரும், சிறுநீர் பெருகும். இப்போது அஞ்ச வேண்டியது திரவக் குறைவுக்கு அல்ல, திரவம் மிகுந்து நுரையீரலில் சேர்வதற்கு. முதல் நாளின் தொடக்க மணி நேரங்களில் சரியாக இருந்த மணிக்கு 600 மி.லி. இன்று ஆளைக் கொன்றுவிடும்.

மனப்பாடம் செய்த கேர் பிளானில் இந்த மூன்று பேருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கும் பையன்களுக்கும் நான் சொல்வது இதுதான்: பத்து ஆண்டு வினாத்தாளைப் புரட்டி எந்த நோய் வரும் என்று ஆரூடம் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியை எடுத்து, மூன்று வரிகளை மாற்றி, மூன்று கேர் பிளான் எழுதுங்கள். எழுதியதை வார்டில் இருக்கும் சீனியர் சிஸ்டரிடம் காட்டி, எந்த வரி நடக்காது என்று கேளுங்கள்.